வயிற்றுப்போக்கு இல்லாத குடல்நோய்: நெருக்கமான வாழிடங்களில் குழந்தைகளின் வளர்ச்சி குன்றலும் வேலூர் ஆய்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

நெருக்கமான, வருவாய் குறைந்த வாழிடங்களில் வளரும் குழந்தைகளின் சிறுகுடல், வெளிப்படையான நோய்க்குறி ஏதுமின்றி நெடுநாள் அழற்சிக்கு உள்ளாகி, உறிஞ்சும் பரப்பையும் தடுப்புத் திறனையும் இழக்கிறது. இந்நிலை சூழல்சார் குடல்நலிவு எனப்படும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளை மையமாகக் கொண்டு இந்நலிவு உருவாகும் முறை, அதை அளக்கும் வழி, அது உயர வளர்ச்சியைக் குறைக்கும் விதம், தூய குடிநீர் மட்டும் அதைத் தடுக்காமைக்கான காரணம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அவற்றின் அடிப்படையில், சென்னை மேற்குப் புறநகரான கொரட்டூர் போன்ற பகுதிகளில் குழந்தை வளர்ச்சிப் பதிவுகளை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சூழல்சார் குடல்நலிவு, வளர்ச்சி குன்றல், குடலுறிஞ்சிகள், குடல் ஊடுருவுதிறன், வேலூர், கொரட்டூர்.

முன்னுரை

ஒரு குழந்தையின் உயரம், அதன் வயதுக்குரிய இடைநிலை உயரத்தைவிட இரண்டு திட்டவிலக்கங்களுக்கும் கீழே இருந்தால் அக்குழந்தை வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சித் தரநிலைகள் இதற்கு அளவுகோலாக அமைகின்றன. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளுள் 35.5 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டுக் குழந்தைகளுள் 25 விழுக்காட்டினரும் இவ்வரையறைக்குள் வருகின்றனர். நான்காம் ஆய்வில் (2015–16) தமிழ்நாட்டின் அளவு 27.1 விழுக்காடாக இருந்தது. உணவுப் பங்கீடு, சத்துணவு, அங்கன்வாடி ஆகிய மூன்றும் பரவலாக இயங்கும் ஒரு மாநிலத்திலேயே நான்கு குழந்தைகளுள் ஒன்று வளர்ச்சி குன்றியிருப்பதும், இரு ஆய்வுகளுக்கும் இடையே இவ்வளவு சிறிதளவே குறைந்திருப்பதும், உணவின் அளவு மட்டும் இதற்கு விடையாகாது என்பதைக் காட்டுகின்றன.

உண்ட உணவு உடலாக மாறுவதற்கு முன் சிறுகுடலைக் கடக்க வேண்டும். அச்சிறுகுடலின் நிலை யாது என்ற வினா ஆய்வுலகில் நெடுநாள் பின்தள்ளப்பட்டிருந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் குடல் நோயுற்றுள்ளது, இல்லையெனில் நலமாக உள்ளது என்னும் எளிய பகுப்பே நிலவியது. இப்பகுப்புப் பிழையானது என்பதை நிறுவியதில் தமிழ்நாட்டு ஆய்வுகளுக்குச் சிறப்பிடம் உண்டு.

வேலூரில் தொடங்கிய வினா

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கிய வெல்கம் ஆய்வுப் பிரிவில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் உறிஞ்சுதிறன் குறைபாட்டு நோயை ஆராய்ந்து வந்தனர். நோயாளிகளின் குடல் திசுவை ஒப்பிட்டு நோக்குவதற்கு நலமுள்ளவர்களின் குடல் திசு தேவைப்பட்டது. அவ்வாறு ஒப்பீட்டுக்காக ஆராயப்பட்ட, எக்குறையும் சொல்லாத உள்ளூர் மக்களின் குடலும் மேலைநாட்டுப் பாடநூல்கள் காட்டும் குடலைப் போல இல்லை. விரல்போல் நீண்டு நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் குட்டையாகவும் அகன்றும் இலைபோலவும் காணப்பட்டன. சைலோஸ் என்னும் சர்க்கரையை உறிஞ்சும் திறனும் பலரிடம் குறைந்திருந்தது. 1972ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது கட்டுரை, வெப்பமண்டலக் குடல்நலிவையும் ஸ்ப்ரூ நோயையும் ஒருசேர வைத்து விவாதித்தது.

இது நோயா, அன்றி இம்மக்களின் இயல்பான உடலமைப்பா என்ற ஐயம் அப்போது எழுந்தது. அதற்கு விடை வேறோரிடத்திலிருந்து கிடைத்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், பணியாற்றிய அமெரிக்க அமைதிப்படைத் தொண்டர்களை லிண்டன்பாமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். நலமான குடலோடு வந்த அவ்விளைஞர்களிடம், அங்கே தங்கிய சில மாதங்களில் அதே மாற்றங்கள் தோன்றின. தாயகம் திரும்பிய பின் அவை படிப்படியாக மறைந்தன. ஆகவே இம்மாற்றம் இனத்தாலோ மரபாலோ வருவதன்று, வாழுமிடத்தால் வருவது. 'வெப்பமண்டல' என்ற அடைமொழி நீங்கிச் 'சூழல்சார்' என்ற அடைமொழி பின்னாளில் நிலைபெற்றதற்கு இதுவே காரணம். வெப்பநிலை இதற்குப் பொறுப்பன்று. மலக்கிருமிகள் மிகுந்த சூழலே பொறுப்பு.

பெரியவர்களிடம் இந்நலிவு பெருந்தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. பிறந்த முதல் இரண்டாண்டுகளில் அது நேரும்போது நிலைமை மாறுகிறது. உயர வளர்ச்சி வாழ்நாளிலேயே மிக விரைவாக நிகழும் காலமும், குழந்தை தவழ்ந்து தரையிலுள்ளவற்றை வாயிலிட்டு முதற்கிருமிகளைச் சந்திக்கும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன.

குடலில் நிகழ்வது

சிறுகுடலின் உட்சுவரை மூடியுள்ள உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முற்றிலும் புதுப்பிக்கப்படுகின்றன. குடலுறிஞ்சிகளுக்கு இடையிலுள்ள குழிகளில் புதிய உயிரணுக்கள் பிறந்து, மேல்நோக்கி நகர்ந்து, முதிர்ந்து, நுனியில் உதிர்கின்றன. கிருமிகள் ஓயாது வந்து தாக்கும்போது உதிர்வு விரைவடைகிறது. ஈடுகட்டக் குழிகள் ஆழமாகின்றன. ஆயினும் உயிரணுக்கள் முதிருமுன்னரே நுனியை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. இதனால் உறிஞ்சிகள் குட்டையாகின்றன. முதிராத உயிரணுக்களில் செரிமான நொதிகளும் குறைவாகவே இருக்கும். இது முதல் இழப்பு: உறிஞ்சும் பரப்பின் இழப்பு.

இரண்டாவது இழப்பு தடுப்புத் திறனில் நேர்கிறது. அடுத்தடுத்த உயிரணுக்களை இறுக்கமாகப் பிணைக்கும் சந்திப்புகள் அழற்சியால் தளர்கின்றன. அவ்விடைவெளிகளின் வழியே பாக்டீரியாக்களின் உடற்கூறுகள் இரத்தத்துக்குள் கசிகின்றன. நோயெதிர்ப்பு அமைப்பு அவற்றை உண்மையான படையெடுப்பாகக் கொண்டு எப்போதும் விழிப்பு நிலையிலேயே இருக்கிறது.

இவ்விழிப்புக்கு ஒரு விலை உண்டு. நீடித்த அழற்சி, பசியைக் குறைக்கிறது. கல்லீரலில் ஹெப்சிடின் சுரப்பை உயர்த்தி இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. எலும்பு நீள்வதற்குத் தேவையான இன்சுலின்போன்ற வளர்ச்சிக்காரணி-1 என்னும் சுரப்பின் அளவைத் தாழ்த்துகிறது. அதாவது, இந்நலிவு இருவழிகளில் உயரத்தைத் தாக்குகிறது. ஒன்று, வரவைக் குறைக்கிறது. மற்றொன்று, வந்ததைப் போர்ச்செலவுக்குத் திருப்பிவிடுகிறது. கூடுதல் உணவு கொடுப்பதால் மட்டும் முழுப் பயன் கிடைக்காமைக்கு இந்த இரண்டாவது வழியே முதன்மைக் காரணம்.

அளக்கும் முறை: இரு சர்க்கரைச் சோதனை

குழந்தையின் சிறுகுடலிலிருந்து திசு எடுப்பது எளிதன்று. நோய்க்குறி இல்லாத குழந்தையிடம் அது அறமுமன்று. எனவே உடலால் பயன்படுத்தப்படாத இரு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து, அவை சிறுநீரில் எவ்வளவு வெளிவருகின்றன என்று அளக்கும் மறைமுக முறை கையாளப்படுகிறது. மானிட்டால் சிறிய மூலக்கூறு. அது உறிஞ்சிகளின் உயிரணுக்களினூடே நுழைகிறது. எனவே சிறுநீரில் வரும் மானிட்டாலின் அளவு, உறிஞ்சும் பரப்பு எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டும். லாக்டுலோஸ் பெரிய மூலக்கூறு. நலமான குடலில் அது பெரும்பாலும் நுழைவதில்லை. உயிரணுக்களுக்கு இடையிலான சந்திப்புகள் தளர்ந்தால் மட்டுமே அது மிகுதியாக உட்புகும். எனவே சிறுநீரில் வரும் லாக்டுலோஸின் அளவு, கசிவு எவ்வளவு என்பதைக் காட்டும்.

வேலூர் உள்ளிட்ட எட்டு இடங்களில் நடைபெற்ற மால்-எட் என்னும் பன்னாட்டுத் தொடராய்வில் ஒரு மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் லாக்டுலோஸும் 50 மில்லிகிராம் மானிட்டாலும் கொண்ட கரைசல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிலிட்டர் வீதம் கொடுக்கப்பட்டது. ஐந்து மணிநேரச் சிறுநீர் சேகரிக்கப்பட்டது. எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அக்குழந்தை 16 மில்லிலிட்டர் கரைசலைப் பெறும். அதில் 4 கிராம் லாக்டுலோஸும் 0.8 கிராம் மானிட்டாலும் இருக்கும். விளக்கத்திற்காக, சிறுநீரில் 12 மில்லிகிராம் லாக்டுலோஸும் 80 மில்லிகிராம் மானிட்டாலும் வந்ததாகக் கொள்வோம். கொடுத்ததில் முறையே 0.3 விழுக்காடும் 10 விழுக்காடும் மீண்டுள்ளன. இரண்டின் விகிதம் 0.03.

இனி, அதே எடையுள்ள வேறிரு குழந்தைகளைக் கருதலாம். ஒன்றில் லாக்டுலோஸ் 12 மில்லிகிராமாகவே உள்ளது. ஆனால் மானிட்டால் 24 மில்லிகிராமாகக் குறைந்துள்ளது. விகிதம் 0.10 ஆகிறது. மற்றொன்றில் மானிட்டால் 80 மில்லிகிராமாகவே உள்ளது. ஆனால் லாக்டுலோஸ் 40 மில்லிகிராமாக உயர்ந்துள்ளது. அங்கும் விகிதம் 0.10. விகிதம் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. முதற்குழந்தை உறிஞ்சும் பரப்பை இழந்துள்ளது. இரண்டாம் குழந்தையின் குடல் கசிகிறது. விகிதத்தை மட்டும் வெளியிடும் ஆய்வுகளை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் விகிதம் ஏன் பயன்படுகிறது என்ற கேள்வி எழும். குழந்தையின் சிறுநீரைச் சிந்தாமல் முழுமையாகச் சேகரிப்பது அரிது. ஒரு பகுதி தவறிப்போனால் இரு சர்க்கரைகளும் ஒரே அளவில் குறையும். தனித்தனி விழுக்காடுகள் பிழையாகும், விகிதம் மாறாது. சேகரிப்புப் பிழையிலிருந்து காப்பதே விகிதத்தின் பயன். இன்னொரு வரம்பும் உண்டு. மானிட்டால் சில உணவுகளிலும் மருந்துகளிலும் இயல்பாகவே உள்ளது. சோதனைக்கு முன்னரே குழந்தையின் சிறுநீரில் அது இருந்தால் உறிஞ்சும் பரப்பு உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். இதனால் சில ஆய்வுகள் மானிட்டாலுக்குப் பதிலாக ராம்னோஸைப் பயன்படுத்துகின்றன.

இச்சோதனையின் மதிப்பை முதலில் வலுவாகக் காட்டியது காம்பியா நாட்டு ஆய்வு. லன்னும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட அவ்வாய்வில், கைக்குழந்தைகளின் வளர்ச்சித் தளர்வில் 43 விழுக்காடு வரை குடல் ஊடுருவுதிறன் மாற்றத்தோடு தொடர்புடையதாக இருந்தது. வயிற்றுப்போக்கு நாட்களைக் கணக்கிட்டு இத்தகைய விளக்கத்தைப் பெற முடிந்ததில்லை.

மலத்தில் காணப்படும் குறிப்பான்கள்

மால்-எட் ஆய்வு மலத்திலுள்ள மூன்று குறிப்பான்களையும் அளந்தது. மைலோபெராக்சிடேஸ், குடலுக்குள் வந்த வெள்ளணுக்களின் செயற்பாட்டைக் காட்டுவது. நியோப்டெரின், நோயெதிர்ப்பு உயிரணுக்களின் தூண்டுநிலையைக் காட்டுவது. ஆல்பா-1-ஆன்டிட்ரிப்சின், இரத்தப் புரதம் குடலுக்குள் கசிவதைக் காட்டுவது. மூன்றாவது குறிப்பான் செரிமான நொதிகளால் சிதைக்கப்படாமையால் மலம்வரை வந்துசேர்கிறது.

கோசெக்கும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இம்மூன்றையும் இணைத்த மதிப்பெண் மிக உயர்வாக இருந்த குழந்தைகள், மிகத் தாழ்வாக இருந்த குழந்தைகளைவிட அடுத்த ஆறு மாதங்களில் 1.08 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்தனர். வயிற்றுப்போக்கு இல்லாத நாட்களில் எடுக்கப்பட்ட மலமே இதற்குப் பயன்பட்டது என்பது கருதத்தக்கது. தாயின் பார்வையில் குழந்தை நலமாக இருந்த நாளில், மலம் வேறு செய்தியைத் தந்தது.

இக்குறிப்பான்களுக்கும் வரம்புண்டு. தாய்ப்பால் குடிக்கும் இளங்குழந்தையின் மலத்தில் இவை இயல்பாகவே உயர்ந்திருக்கும். பணக்கார நாட்டுப் பெரியவர்களுக்கு வகுத்த எல்லையளவை வைத்து மூன்று மாதக் குழந்தையை நோயுற்றது என்பது தவறு. இன்றளவும் ஒரு தனிக்குழந்தைக்கு இந்நலிவு உண்டு அல்லது இல்லை என்று உறுதிகூறும் ஒற்றைச் சோதனை கிடையாது. இச்சோதனைகள் குழந்தைக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. தனிக்குழந்தையைப் பற்றி அல்ல.

அமைதியான தொற்றுகள்

மால்-எட் ஆய்வின் வேலூர்ப் பகுதி, நகரின் நெருக்கமான குடியிருப்புகளில் நடைபெற்றது. பீடி சுற்றுதல் அங்கே பரவலான தொழில். குழாய்நீர் விட்டுவிட்டே வரும். சேமித்த நீரிலேயே வீடு இயங்கும். இதே வகைக் குடியிருப்புகளில் 2002 முதல் நடைபெற்ற முந்தைய பிறப்புத் தொடராய்வில் 452 குழந்தைகள் பிறந்தது முதல் பின்தொடரப்பட்டனர். ககன்தீப் காங் தலைமையிலான குழு 2011இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாத வயதுக்குள்ளாகவே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ரோட்டா வைரஸ் தொற்றைப் பெற்றுவிட்டனர். அவற்றுள் பல தொற்றுகள் வயிற்றுப்போக்கை உண்டாக்கவில்லை.

வாரந்தோறும் வீடுசென்று வினவுவதும், நோயில்லாத நாட்களிலும் மாதந்தோறும் மலம் எடுப்பதும் இத்தகைய ஆய்வுகளின் அடிப்படை. மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளை மட்டும் ஆராய்ந்திருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. எட்டு இடங்களின் மல மாதிரிகளையும் பின்னர் நுண்ணிய மரபணு முறையால் மீண்டும் சோதித்தபோது, இரண்டு வயதில் உயரக் குறைவோடு தொடர்புற்றவை ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர், குடலில் திரளாக ஒட்டும் ஒருவகை எ. கோலி, ஜியார்டியா ஆகிய நான்கு என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கோடு வந்த தொற்றுகளைவிட, வயிற்றுப்போக்கின்றி வந்துபோன தொற்றுகளே உயரக் குறைவின் பெரும்பகுதியை விளக்கின. ஒவ்வொரு தொற்றும் எடுத்துக்கொண்டது சிறிதளவே. ஆனால் முந்தைய தொற்றின் புண் ஆறுமுன் அடுத்தது வந்துசேர்வதால், குடல் மீளும் இடைவெளி கிடைப்பதில்லை.

கணக்கில் ஒரு குழந்தை

இவ்விழப்பு ஏன் கண்ணில் படுவதில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கீழ்வரும் குழந்தை கற்பனை. ஒப்பிடப்படும் அளவுகள் உலகச் சுகாதார நிறுவனத்தின் தரநிலைக்கு உரியவை.

ஓர் ஆண்குழந்தை ஆறாம் மாதத்தில் 65.5 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. இடைநிலை அளவு 67.6, எனவே குழந்தை ஒரு திட்டவிலக்கம் கீழே உள்ளது, இது கவலைக்குரியதன்று. பன்னிரண்டாம் மாதத்தில் 72.5, பதினெட்டாம் மாதத்தில் 77.5, இருபத்துநான்காம் மாதத்தில் 81.5 சென்டிமீட்டர் என்று வளர்கிறது. இரண்டு வயதில் இரு திட்டவிலக்கக் கோடு 81.7. குழந்தை அதற்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

தொடக்கத்தில் இருந்த கோட்டிலேயே சென்றிருந்தால் இரண்டு வயதில் அதன் நீளம் 84.8 ஆக இருந்திருக்கும். இழப்பு 3.3 சென்டிமீட்டர், அது பதினெட்டு மாதங்களில் பரவியுள்ளது. மாதத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அழுது நெளியும் குழந்தையை அளவுப்பலகையில் கிடத்தி அளக்கும்போது அரை சென்டிமீட்டர் பிழை எளிதில் நேரும். ஆகவே ஒரு மாத அளவை முந்தைய மாத அளவோடு ஒப்பிடுவதால் இவ்விழப்பு தெரியாது. எக்காலத்திலும் குழந்தை வளரவில்லை என்று சொல்லமுடியாது. எப்போதும் வளர்ந்துகொண்டே இருந்தது. ஆறு மாத இடைவெளியில் 7, 5, 4 என்ற வரிசையை 8.1, 6.6, 5.5 என்ற இடைநிலை வரிசையோடு அருகருகே வைக்கும்போதுதான் தளர்வு புலனாகும்.

அளவில் இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு வயதுவரை குழந்தையைக் கிடத்தியும், அதற்குப்பின் நிறுத்தியும் அளக்க வேண்டும். நிறுத்தி அளக்கும்போது 0.7 சென்டிமீட்டர் குறைவாக வரும். இரண்டு வயதுக்கு முன்னரே நிறுத்தி அளந்துவிட்டு அத்திருத்தத்தைச் சேர்க்காவிட்டால், இல்லாத குன்றல் இருப்பதாகப் பதிவாகும்.

தூய நீர் ஏன் போதவில்லை

மலக்கிருமிகளே காரணமாயின், நீரைத் தூய்மைப்படுத்தினால் போதாதா என்பது இயல்பான வினா. வேலூர்க் குழுவே இதை ஆராய்ந்தது. 2013இல் வெளியான அவ்வாய்வில், 176 குழந்தைகளுள் ஒரு பகுதியினரின் குடும்பங்கள் புட்டிகளில் அடைக்கப்பட்ட குடிநீரையும், மற்றவர்கள் நகராட்சி நீரையும் பருகினர். இரண்டு வயதுவரை பின்தொடர்ந்தபோது, கிரிப்டோஸ்போரிடியம் தொற்று இரு பிரிவினரிடமும் குறிப்பிடத்தக்க வேறுபாடின்றி நேர்ந்தது. புட்டிநீர் குழந்தைகளைக் காக்கவில்லை.

இதற்குரிய விளக்கம் அக்கிருமியின் இயல்பிலேயே உள்ளது. அதன் முட்டையுறைகள் குளோரினுக்கு மடிவதில்லை. பத்து முதல் நூறு உறைகள் உட்சென்றாலே தொற்று தோன்றக்கூடும். குடிநீர் தூயதாயினும் பாத்திரம் கழுவும் நீர், தாயின் கை, ஆறிப்போன இணையுணவு, தவழும் தரை, பக்கத்துவீட்டுக் குழந்தை ஆகிய ஒவ்வொன்றும் போதிய அளவு கிருமிகளைக் கொண்டுசேர்க்க முடியும். பல கதவுகள் உள்ள வீட்டில் ஒரு கதவை மட்டும் அடைத்தது போன்ற நிலை இது.

2009இல் ஜீன் ஹம்ஃப்ரி, வளர்ச்சி குன்றலுக்கு வயிற்றுப்போக்கைவிடக் குடல்நலிவே முதன்மையான காரணம் என்றும், கழிப்பறையும் கைகழுவலும் அதைத் தடுக்கும் என்றும் முன்வைத்த கருதுகோள், பின்னர் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் பேரளவில் சோதிக்கப்பட்டது. 2018, 2019 ஆண்டுகளில் வெளிவந்த முடிவுகள் ஒருமித்திருந்தன. வீட்டளவிலான நீர், கழிப்பறை, கைகழுவல் ஏற்பாடுகள் உயரத்தைக் கூட்டவில்லை. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆயினும் உயரம் கூடவில்லை. ஒடிசாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் 2014இல் வெளியான கழிப்பறை ஆய்வுகளும் வளர்ச்சியில் மாற்றம் காணவில்லை. கூடுதல் சத்துணவு வங்கதேசத்தில் கால் திட்டவிலக்கம் அளவு பயன் தந்தது; மேற்காட்டிய குழந்தையின் வயதில் அது ஏறத்தாழ முக்கால் சென்டிமீட்டர்.

இம்முடிவுகள் கருதுகோளைப் பொய்யாக்கிவிட்டனவா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஏற்பாடுகள் போதிய அளவு தூய்மையை உண்டாக்கவில்லை, எனவே கருதுகோள் சோதிக்கப்படவே இல்லை என்பது ஒரு தரப்பு. குடல்நலிவு, வளர்ச்சி குன்றலின் ஒரு கூறு மட்டுமே. தாயின் உயரம், பிறப்பு எடை, உணவின் தரம் ஆகியவை பெரும்பங்கு வகிக்கின்றன என்பது மறுதரப்பு. வேலூர்ப் புட்டிநீர் ஆய்வு முதல் தரப்புக்கு வலுச்சேர்க்கிறது; ஆனால் இரண்டாம் தரப்பை மறுக்கவில்லை.

கிருமிகளை மருந்தால் அழிக்கும் வழியும் வேலூரில் சோதிக்கப்பட்டது. வாய்வழிப் போலியோ மருந்து நெருக்கமான வாழிடங்களின் குழந்தைகளிடம் குறைவாகவே பயன்தருவதற்குக் குடல்நலிவு காரணமா என்று அறிய, மருந்துக்கு முன் மூன்று நாட்கள் அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டது. 2016இல் வெளியான முடிவின்படி, குடல் பாக்டீரியத் தொற்றுகளும் அழற்சிக் குறிப்பான்களும் குறைந்தன. ஆயினும் தடுப்புமருந்தின் பயன் கூடவில்லை. குறிப்பான் குறைவது குடல் மீண்டதற்குச் சமமன்று என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

கொரட்டூருக்குப் பொருத்திப் பார்த்தல்

கொரட்டூர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்துள்ள பகுதி. 2011இல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சியின் ஏழாம் மண்டலத்துள் இணைந்தது. தொழிற்கூடங்களை நம்பி வந்த உழைப்பாளர் குடும்பங்கள் ஓரறை வீடுகளிலும் பொதுக் கழிப்பறையுள்ள வரிசை வீடுகளிலும் வாழும் தெருக்கள் இப்புறநகரில் உண்டு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது. மழைக்காலத்தில் வடிகாலும் கழிவுநீரும் தெருவில் ஒன்றாகும் இடங்களில், குழந்தை தவழும் தரைக்கும் மலக்கிருமிகளுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு.

சென்னைப் புறநகர்க் குடும்பங்கள் பெரும்பாலும் குடிப்பதற்குக் கேன் தண்ணீரையும், சமையல், கழுவுதல், குளிப்பாட்டுதல் ஆகியவற்றுக்குக் குழாய், லாரி, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் நீரையும் பயன்படுத்துகின்றன. இது வேலூர்ப் புட்டிநீர் ஆய்வின் நிலையோடு பெரிதும் ஒத்தது. கேன் தண்ணீர் வாங்குவதால் குழந்தை காக்கப்பட்டுவிட்டது என்று குடும்பமோ, வயிற்றுப்போக்குப் பதிவு குறைவாக இருப்பதால் குடல்நலம் சீராக உள்ளது என்று நிருவாகமோ கொள்வதற்கு அவ்வாய்வு இடந்தரவில்லை. ஒரு பகுதியின் குழந்தைநலத்தை வயிற்றுப்போக்கு எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடும் ஆய்வேடுகள், இழப்பின் பெரும்பகுதியை விட்டுவிடுகின்றன.

அங்கன்வாடிப் பதிவேடே இங்குக் கைக்கெட்டும் தூரத்திலுள்ள சான்று. அதில் எடைக்கே முதன்மை தரப்படுகிறது. குடல்நலிவு எடையைவிட நீளத்தையே முதலில் தாக்குவதால், எடை சரியாக இருந்தும் நீளம் தளரும் குழந்தைகள் இப்பதிவில் நலமானவர்களாகவே நிற்பர். ஒரே குழந்தையின் நீளத்தை 6, 12, 18, 24 ஆகிய மாதங்களில், கிடத்தியே, இருமுறை அளந்து சராசரி கண்டு, வரிசையாக நோக்குவது இத்தளர்வை வெளிக்கொணரும். அவ்வரிசையோடு வீட்டின் குடிநீரை மட்டும் அன்றிக் கழுவுநீர், தரை, கழிப்பறையைப் பகிரும் குடும்பங்களின் எண்ணிக்கை, இணையுணவு சமைத்தபின் வைக்கப்படும் நேரம் ஆகியவற்றையும் பதிவுசெய்யும் ஆய்வே, எந்தக் கதவு திறந்துள்ளது என்பதைக் காட்டவல்லது.

முடிவுரை

நெருக்கமான வாழிடங்களில் குழந்தையின் சிறுகுடல், வயிற்றுப்போக்கு இன்றியே நலிவுறுகிறது. அந்நலிவு உறிஞ்சும் பரப்பையும் தடுப்புத் திறனையும் தனித்தனியே குறைக்கிறது. இரு சர்க்கரைச் சோதனையை விகிதமாக மட்டும் படிப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. வேலூர் ஆய்வுகள், தொற்றுகளுள் பல அமைதியாகவே வந்துபோகின்றன என்பதையும், தூய குடிநீர் ஒன்றே அவற்றைத் தடுக்கவில்லை என்பதையும் காட்டின. வளர்ச்சி இழப்பு மாதத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக நேர்வதால், அது நெடுங்கால நீள அளவு வரிசையில் மட்டுமே தெரியும். வீட்டளவிலான ஏற்பாடுகள் பல நாடுகளில் உயரத்தைக் கூட்டவில்லை என்ற முடிவும், தெருவின் கழிவுநீர் தெருவிலேயே தங்கும் இடத்தில் ஒரு வீடு மட்டும் தூய்மையாக இருக்க முடியாது என்ற நிலையும் ஒன்றையொன்று விளக்குகின்றன. கொரட்டூர் போன்ற புறநகர்களில் குழந்தைகளின் உயரத்தைப் பற்றிய ஆய்வு, தட்டிலுள்ள உணவோடு நில்லாமல் கழிவுநீர் செல்லும் வழிவரை நீள வேண்டியதாகிறது.